இரண்டு நிமிடத்துக்கு எத்தனை சொல்?

விவரணம் ஒன்றுக்குப் பிரதி எழுதச் சொல்பவர்கள் பெரும்பாலும் நேரத்தோடு ஒரு சொற்கணக்கையும் சேர்த்தே தருகிறார்கள். இரண்டு நிமிடம் என்றால் முந்நூறு சொல். இந்தக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது பொருந்தும். ஒலிநூல் தயாரிப்பாளர்களுக்கான ஏசிஎக்ஸ் தளம், பதிவாகி முடிந்த ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9,300 சொற்கள் என்று கணக்கிடுகிறது. நிமிடத்துக்கு 155 சொல், இரண்டு நிமிடத்துக்கு 310. அதே எண்ணைத் தமிழ்ப் பிரதிக்கு வைத்தால் அறிவிப்பாளர் மூச்சுத் திணறுவார். தமிழ்ச் சொல்லின் நீளம் வேறு. அது எவ்வளவு வேறு என்பதை அம்பாறைக் கரையோரத்து ஊர்களுக்காக எழுதப்படக்கூடிய ஒரு சின்னப் பிரதியை வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

கல்முனையையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பற்றிய எந்த விவரணமும் சுனாமியைத் தொடாமல் போவதில்லை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். இறந்தவர் தொகை பத்தாயிரத்துக்கும் மேல். ஆகவே பிரதியின் தொடக்கம் இப்படி அமைவதாக வைத்துக்கொள்வோம்:

“2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரத்து வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. மீன்பிடித் தோணிகள் தெருக்களில் கிடந்தன.”

கணினியிடம் கேட்டால் இதில் 22 சொற்கள் என்று சொல்லும். நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்குப்படி ஒன்பது செக்கனில் இதை வாசித்து முடித்துவிட வேண்டும். வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒன்பதாவது செக்கனில் நீங்கள் இன்னும் மருதமுனையைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

முதற் பிழை எண்களில் இருக்கிறது. கணினி “2004” என்பதை ஒரு சொல்லாகவும் “26” என்பதை இன்னொரு சொல்லாகவும் எண்ணுகிறது. அறிவிப்பாளர் அவற்றை வாசிக்கும்போது “இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பர் மாதம் இருபத்தாறாம் திகதி” என்கிறார். நான்கு சொல்லாகத் தெரிந்த முதல் வாக்கியம் வாயில் எட்டுச் சொல்லாகிவிடுகிறது. ஆக, 22 சொல் என்று கணினி காட்டிய பகுதி உண்மையில் 26 சொல். எனவே பிரதியின் நீளத்தை அளப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. எண், திகதி, சுருக்கக் குறி எல்லாவற்றையும் உச்சரிக்கும் வடிவில் எழுத்தால் விரித்து எழுதிவிட வேண்டும். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்த ஆண்டைச் சொல்ல “1961” என்று நான்கு இலக்கங்கள் போதும். வாயால் சொல்ல “ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம்” என்று முழுவதும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. விரித்து எழுதிய பிறகும் தமிழில் சொல் என்பது நிலையான அளவுகோல் அல்ல. “கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு” என்று ஒருவர் சேர்த்து எழுதுவார். “கட்டிக் கொண்டு இருந்தவர்களுக்கு” என்று இன்னொருவர் பிரித்து எழுதுவார். முதலாமவருக்கு ஒரு சொல், இரண்டாமவருக்கு மூன்று. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சொல்லை எண்ணி நேரத்தைக் கணிப்பவர், எழுதியவர் எங்கே இடைவெளி விட்டார் என்பதைத்தான் எண்ணுகிறார்.

அசையை எண்ணினால் இந்தத் தொல்லை போய்விடும். இங்கே அசை என்பது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அல்ல. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே மூச்சில் எழும் ஒலித்துண்டு. தமிழ் எழுத்துமுறை இந்த எண்ணிக்கையை நமக்கு மிகவும் எளிதாக்கித் தந்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால் போதும், அதுவே அசைத்தொகை. “கடல்” என்பதில் க, ட இரண்டும் எண்ணப்படும், ல் விடப்படும். அசை இரண்டு. மேலே சொன்ன நீண்ட சொல்லைச் சேர்த்து எழுதினால் பத்து அசை, பிரித்து எழுதினால் பதினொன்று. ஒன்றுக்கு மூன்று என்று விலகி நின்ற கணக்கு, பத்துக்குப் பதினொன்று என்று நெருங்கி வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் இப்படிக் கண்ணால் பார்த்தே அசையை எண்ணிவிட முடியாது. அங்கே சொல்லை எண்ணுவதே எளிது.

இந்த முறையில் நம் பிரதியை எண்ணுவோம். திகதி வாக்கியம் 29 அசை. கடல் ஊருக்குள் வந்த வாக்கியம் 18. மூன்று ஊர்களின் பெயர் வரும் வாக்கியம் 40. தோணி வாக்கியம் 14. மொத்தம் 101. சொற்கள் 26 என்பதால் ஒரு சொல்லுக்குச் சராசரி நான்கு அசைக்குச் சற்றே குறைவு. ஆங்கில உரைநடையில் ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ ஒன்றரை அசைதான் வரும். வேற்றுமை உருபு, பன்மை விகுதி, ‘உம்’, காலம், எண் என எல்லாவற்றையும் ஒரே சொல்லின் வாலில் கட்டும் மொழி நம்முடையது. “கல்முனைக்குடியிலும்” என்ற ஒரு சொல்லில் இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு மூன்று சொற்களாவது வேண்டும்.

இதே இயல்புடைய வேறு மொழிகளில் என்ன நடக்கிறது? கண் மருத்துவத்தில் வாசிப்பு வேகத்தைச் சோதிப்பதற்காக ஒரே பொருளுள்ள பத்திகளைப் பதினேழு மொழிகளில் தயாரித்து, அவற்றை வாய்விட்டு வாசிக்கச் செய்த அளவீடு ஒன்று 2012இல் வெளியானது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 228 சொல் வந்தது. நம்மைப்போலவே விகுதிகளை அடுக்கும் பின்னிய மொழியில் 161. பின்லாந்துக்காரர்கள் மந்தமாக வாசித்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுடைய சொல் நீளமானது, அவ்வளவுதான். இந்த எண்கள் வேகமான சோதனை வாசிப்புக்கு உரியவை. விவரணத்துக்கு அவற்றை அப்படியே எடுக்கக்கூடாது. மொழிகளுக்கு இடையே உள்ள விகிதத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஒரு செக்கனுக்கு எத்தனை அசை? லியோன் நகரைச் சேர்ந்த பெலெக்ரினோ, கூப்பே, மார்சிக்கோ ஆகிய மூவர் 2011இல் ஏழு மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். ஜப்பானியம் செக்கனுக்கு 7.84 அசையோடு முன்னால் நின்றது. ஸ்பானியம் அதை ஒட்டி வந்தது. ஆங்கிலம் 6.19, ஜெர்மன் 5.97, மண்டரின் சீனம் 5.18. இவை நீண்ட நிறுத்தங்களைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் அளந்த எண்கள். வேகமாக ஓடும் மொழியில் ஓர் அசை சுமக்கும் செய்தி குறைவு, மெதுவாக நடக்கும் மொழியில் அது அதிகம் என்பதுதான் அவர்கள் கண்டது. 2019இல் பதினேழு மொழிகளுக்கு இதை விரித்தபோது, செக்கனுக்குக் கடத்தப்படும் செய்தியின் அளவு எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ 39 பிட் என்ற ஒரே இடத்தைச் சுற்றியே நின்றது. அந்தப் பதினேழில் தமிழ் இல்லை. இருந்தும் பிரதியை மொழிபெயர்ப்பவர் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். இரண்டு நிமிட ஆங்கிலப் பிரதியை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் தமிழாக்கினால், சொல் எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கினாலும் நேரம் பெரிதாக மாறாது. “முந்நூறு சொல் கேட்டோம், நூற்றைம்பதுதான் தந்திருக்கிறீர்கள்” என்று திருப்பி அனுப்பப்படும் பிரதி பெரும்பாலும் சரியான நீளத்திலேயே இருந்திருக்கும். அதில் இன்னும் நூற்றைம்பது சொல்லைச் சேர்க்கச் சொல்வதுதான் அதைக் கெடுக்கிறது.

விவரண வாசிப்புக்கு, பேசும் நேரத்தில் செக்கனுக்கு ஆறு அசை என்பதை எடுகோளாக வைத்துக்கொள்கிறேன். அது சட்டம் அல்ல, கணக்கைத் தொடங்க ஓர் எண். இனி நிறுத்தங்கள். வாக்கிய முடிவில் 0.7 செக்கன், காற்புள்ளியில் 0.4 செக்கன் என்று கொள்வோம். நம் பிரதியின் 101 அசைக்கு ஏறத்தாழ 16.8 செக்கன். நான்கு வாக்கிய முடிவுகளுக்கு 2.8, ஒரு காற்புள்ளிக்கு 0.4. மொத்தம் 20 செக்கன். நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் செக்கனுக்கு ஐந்து அசை என்று ஆகிறது. நினைவில் வைத்துக்கொள்ள இது வசதியான எண்.

இதை இரண்டு நிமிடத்துக்கு நீட்டலாம். 120 செக்கனில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மூன்று செக்கன் விட்டுவிடுங்கள். மீதி 117. நம் பிரதியைப்போல் சராசரி 25 அசையுள்ள வாக்கியம் ஒவ்வொன்றும் நிறுத்தத்தோடு சேர்த்து ஐந்து செக்கன் எடுக்கும். ஆக 23 வாக்கியங்கள், ஏறத்தாழ 575 அசை. ஊர்ப்பெயரும் திகதியும் நிறைந்த இந்த நடையில் அது 150 சொல்லுக்குச் சற்றுக் குறைவு. சொற்கள் சிறியனவாக, சொல்லுக்கு 3.3 அசை என்ற அளவில் எழுதினால் சுமார் 175 சொல் வரை போகலாம். இயல்பான வேகத்தில் தமிழுக்கு இரண்டு நிமிடம் என்பது 150க்கும் 175க்கும் இடைப்பட்டது. நம் நடையில் முந்நூறு சொல்லை அதற்குள் திணித்தால் செக்கனுக்குப் பத்து அசையை நெருங்க வேண்டியிருக்கும். 2011இல் அளக்கப்பட்ட ஏழு மொழிகளில் மிக வேகமான ஜப்பானியமே எட்டைத் தொடவில்லை.

சில சொற்கள் ஒரே அசைத்தொகை உடையனவாக இருந்தும் வாயில் வேறு நீளம் கொள்கின்றன. இதை அளக்கும் கருவியும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் காலத்தை மாத்திரையால் அளந்தது. கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. மருதமுனை, சாய்ந்தமருது இரண்டும் ஐந்து அசைதான். ஆனால் ஈற்று ஐகாரம் குறுகுவதைக் கணக்கில் கொண்டால் முதலாவதற்கு ஐந்து மாத்திரை, இரண்டாவதற்கு ஆறரை. “சாய்ந்த” என்ற பகுதியில் நாக்கு எடுக்கும் நேரத்தை இந்த ஊர்க்காரர் எவரும் உணர்வார். அறுநூறு அசை ஓடும் பிரதியில் குறிலும் நெடிலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், மாத்திரை வரை போகத் தேவையில்லை. பத்து செக்கன் அறிவித்தல், முப்பது செக்கன் விளம்பரம் போன்றவற்றில் அந்த ஒன்றரை மாத்திரையும் கணக்குக்கு வரும்.

இந்தக் கரையோரத்துக்கே உரிய கவனம் ஒன்று உண்டு. ரமழான் காலத்து நற்சிந்தனைக்கு எழுதும் மௌலவிமார் “நபி (ஸல்) அவர்கள்” என்று எழுதுவார்கள். தாளில் அது ஆறு அசை. வாசிக்கும்போது “நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள்” என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். அது பதினைந்து அசை. இரண்டு நிமிட உரையில் இது ஆறு இடத்தில் வந்தால் தாளில் தெரியாத 54 அசைகள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்பது செக்கன், அதாவது ஏறத்தாழ இரண்டு வாக்கியம். இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி நேரத்தைப் பிடிக்கவும் முடியாது. ஸலவாத்தை விழுங்கி வாசிக்கும் அறிவிப்பாளரை இங்கே எவரும் பொறுக்க மாட்டார்கள். தலையெழுத்துகளும் அப்படித்தான். “எம்.எச்.எம். அஷ்ரப்” என்பதில் கணினி இரண்டு சொல் காண்கிறது. வாயில் அது நான்கு. எம், எச், எம் என்ற ஒவ்வொன்றும் தனித்து ஒலிக்க வேண்டும் என்பதால் அசைக்கணக்கு காட்டுவதைவிடவும் சிறிது கூடுதல் நேரம் எடுக்கும். இங்குள்ள முஸ்லிம் பெயர்களில் மூன்று தலையெழுத்து என்பது வழமையானது. பத்துப் பிரமுகர்களின் பெயரைச் சொல்லும் விழா அறிவிப்புக்கு எழுதுபவர் பெயர்களை மட்டும் தனியே வாசித்து நேரம் பார்த்துவிடுவது நல்லது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் செய்யும் ஜனாஸா அறிவித்தலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். அந்தத் தூரத்தில் இருக்கும் இன்னொரு குழாயிலிருந்து அதே குரல் ஒரு செக்கன் பிந்தி வந்து சேரும். செக்கனுக்கு ஐந்து அசை என்று வாசித்தால் முதற் சொல்லின் எதிரொலி இரண்டாம் சொல்லின் மேல் விழும், மையித்தின் பெயரும் நல்லடக்க நேரமும் கலங்கிப்போகும். அனுபவமுள்ள முஅத்தின்மார் ஒரு தொடரைச் சொல்லி நிறுத்தி, அது அடங்கிய பின் அடுத்ததைச் சொல்வது இதனால்தான். செக்கனுக்கு மூன்றரை அசை என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு 420 அசை. நம் நடையில் நூற்றுப் பத்துச் சொல்கூட ஆகாது.

ஒலிப்பதிவுக்கூடத்துக்குத் திரும்புவோம். ஒருவருடைய சொந்த வேகத்தை அறிய, அவரையே ஒரு நிமிட அளவுப் பகுதியை வாய்விட்டு வாசிக்கச் செய்ய வேண்டும். மனதுக்குள் வாசித்து நேரம் பார்ப்பவர்கள் எப்போதும் குறைவாகவே கணிக்கிறார்கள், கண் நாக்கைவிட வேகமானது. முதல் வாசிப்பில் தடுமாற்றம் இருக்கும் என்பதால் மூன்றாவது வாசிப்பைக் கணக்கில் எடுக்கலாம். அந்தப் பகுதியின் அசையை எண்ணி, எடுத்த செக்கனால் வகுத்தால் அவருக்கான எண் கிடைத்துவிடும். அது 4.6 ஆகவும் இருக்கலாம், 5.5 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணை 117 ஆல் பெருக்கினால் அவருக்கு எழுதவேண்டிய பிரதியின் அளவு. ஒருவருக்காக எண்ணி எழுதிய பிரதியை வேறொருவர் வாசிக்க நேர்ந்தால் மீண்டும் அளக்க வேண்டும்.

பிரதி கூடிவிட்டதைக் கடிகாரத்துக்கு முன்பே காது சொல்லிவிடும். பேச்சின் வேகம் கூடும்போதும் குறையும்போதும் மாறுவது பெரும்பாலும் நிறுத்தங்களே என்று பிரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 1968இல் வெளியிட்ட தமது உளமொழியியல் நூலில் காட்டினார். அவசரப்படும் அறிவிப்பாளர் முதலில் இழப்பது வாக்கிய முடிவின் அந்த 0.7 செக்கனை. அடுத்து, “வந்திருக்கின்றார்கள்” என்பதன் கடைசி இரண்டு அசைகள் மங்கும். அதன் பிறகு, வாக்கியத்தின் நடுவில் மூச்சு எடுக்கும் ஒலி கேட்கத் தொடங்கும். பதிவை முப்பது செக்கன் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் எத்தனை அசை என்று எண்ணிப் பார்த்தால், கூடிப்போன பிரதியில் கடைசித் துண்டு முதல் துண்டைவிடக் கனத்திருக்கும். நேரம் போதாது என்று வாசிப்பவர் உணர்ந்து ஓடத் தொடங்கிய இடம் அது. மென்பொருளில் வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்பார்கள். செய்தால் நிறுத்தங்களும் சேர்ந்து சுருங்கும். சுனாமியில் பிள்ளையை இழந்த உம்மா ஒருவரைப் பற்றிய வாக்கியத்துக்குப் பின் வரும் மௌனத்தையும் அது சுருக்கிவிடும்.

குறைப்பதை எழுத்தில்தான் செய்ய வேண்டும். நம் பிரதியிலேயே மூன்று செக்கன் குறைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் படுவது மூன்று ஊர்ப்பெயர்கள். மருதமுனையிலும், கல்முனைக்குடியிலும், சாய்ந்தமருதிலும் என்ற மூன்றும் சேர்ந்து 20 அசை. “கல்முனைப் பிரதேசத்தில்” என்று சுருக்கிவிடலாம் என்று கொழும்பிலிருந்து திருத்துபவருக்குத் தோன்றும். அதற்கு நான் உடன்படமாட்டேன். தன் ஊர்ப்பெயர் வருமா என்று காத்துக் கேட்கும் ஊர்கள் இவை, அங்கே போனவர்களும் அந்தந்த ஊரின் பெயரோடு போனவர்கள். வேறிடத்தில் தேடலாம். திகதியை “இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறு” என்று வாசித்தால் பொருள் கெடாமல் ஏழு அசை மிஞ்சும். “கரையோரத்து” என்பதில் ஐந்து, கடல் எங்கே வரும் என்பது கேட்பவருக்குத் தெரியும். “வரிசை வரிசையாகச்” என்பதில் எட்டு, “சரிந்தன” என்ற வினையே அந்தப் படத்தைத் தந்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்து 20 அசை, 3.3 செக்கன். மூன்று ஊர்ப்பெயர்களும் எடுக்கும் அதே அளவு. பிரதி 101 அசையிலிருந்து 81க்கு இறங்குகிறது, நிறுத்தங்களில் ஒன்றும் கைவைக்காமல் 20 செக்கன் 16.7 ஆகிறது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பிரதியில் அப்படியே இருக்கின்றன.